வக்கீல் நோட்டீஸுக்குப் பதில்: எதை ஒப்புக்கொள்வது, எதை மறுப்பது

கேள்வி: திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் நடத்துகிறேன். துணி கொடுத்தவரிடம் கையொப்பம் மட்டும் போட்ட செக் ஒன்றைச் செக்யூரிட்டிக்காகக் கொடுத்திருந்தேன். வந்த துணியில் ஒரு பகுதி பழுது, திருப்பி அனுப்பிவிட்டேன். கொஞ்சம் பணமும் கொடுத்தாயிற்று. இப்போது அவர் முழு பில் தொகையையும் எழுதி பேங்கில் போட்டு, ரிட்டர்ன் ஆனதும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். பதிலை நானே எழுதலாமா? எதை ஒப்புக்கொள்வது, எதை மறுப்பது?

பதில்:

முதலில் அந்தத் தபால் உறையை எடுத்து, அது உங்கள் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். இது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் வரும் நோட்டீஸ். செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள் அவர் இதை அனுப்பியிருக்க வேண்டும். உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து பணம் கொடுக்க உங்களுக்கு 15 நாள் இருக்கிறது. அந்த 15 நாள் முடிந்த பிறகு ஒரு மாதத்துக்குள் அவர் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் புகார் போடலாம். ஆகவே நீங்கள் பதிலும் பணமும் பற்றி முடிவெடுக்க வேண்டியதெல்லாம் அந்த 15 நாளுக்குள்தான்.

பதில் அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் ரங்கப்பா எதிர் ஸ்ரீ மோகன் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம், நோட்டீஸுக்குப் பதில் அனுப்பாமல் இருந்ததையே செக் கொடுத்தவருக்கு எதிராக எடுத்துக்கொண்டது. அப்போது பேசாதவர் இப்போது சொல்லும் கதை பின்னால் யோசித்துச் சொன்னது என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிடுவார். தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புவதும் உதவாது. சரியான முகவரிக்கு வந்து திரும்பினால், கிடைத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும்.

நீங்களே எழுதலாம், தடை ஏதும் இல்லை. ஆனால் அனுப்புமுன் செக் வழக்கு நடத்திப் பழகிய ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். வக்கீலே எழுதினாலும் நீங்கள் வரிக்கு வரி படிக்காமல் அனுப்பாதீர்கள். உங்கள் சார்பில் அவர் எழுதுவதும் நீங்கள் சொன்னதாகவே நிற்கும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இதே மாதிரி ஒரு பிரிண்டிங் யூனிட்காரர் என்னிடம் வந்தபோது, பதில் ஏற்கெனவே வேறொரு இடத்தில் மாதிரிக் கடிதத்தைப் பார்த்து டைப் அடித்து அனுப்பப்பட்டிருந்தது. அதன் முதல் பத்தி இப்படி இருந்தது: “தங்கள் நோட்டீஸில் கண்ட சங்கதிகள் யாவும் பொய்யானவை, கற்பனையானவை, மறுக்கப்படுகின்றன.” இரண்டு வருடம் கழித்து அவர் கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல் பில்லைக் காட்டி, “இந்தச் சரக்கு உங்களுக்கு வந்ததா?” என்று கேட்டார். “வந்ததுங்க.” “பதில் நோட்டீஸில் எல்லாமே பொய் என்று சொல்லியிருக்கிறீர்களே, அப்படியானால் அது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா?” அவரிடம் உண்மையான பதில் இருந்தது. சரக்கு வந்தது, ஆனால் பாதி கெட்டுப்போயிருந்தது. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பிறகு அவர் சொன்ன எதையும் நம்ப வைக்கப் பெரும்பாடு பட வேண்டியதாயிற்று. அவர் நேர்மையான மனிதர். அந்த மாதிரிக் கடிதம் அவரைப் பொய்யராக்கிவிட்டது.

உங்கள் பில் விவரம் என்னிடம் இல்லை. ஆகவே ஒரு கணக்கை வைத்துக்கொண்டு பேசுவோம். சாயம் போட்ட சிங்கிள் ஜெர்சி துணி 1,500 கிலோ, கிலோ 400 ரூபாய். 6,00,000 ரூபாயும் 5 சதவீத ஜிஎஸ்டி 30,000 ரூபாயும் சேர்ந்து பில் 6,30,000 ரூபாய். சரக்கு இறங்கியது 3-3-2025. அதில் 250 கிலோவில் ஷேடு மாறியிருந்தது, ஓட்டையும் இருந்தது. 9-ம் தேதி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள். 15-ம் தேதி டெலிவரி சலான் போட்டுத் திருப்பி அனுப்பினீர்கள், அவருடைய ஆள் கையொப்பம் போட்டு வாங்கினார். அதன் மதிப்பு வரியோடு 1,05,000 ரூபாய். ஏப்ரல் 12-ல் 2,00,000, மே 20-ல் 1,00,000 என்று என்.இ.எஃப்.டி-யில் அனுப்பினீர்கள். மீதி 2,25,000. அவர் ஜூலை 14 தேதியிட்டு 6,30,000 என்று எழுதி செக்கைப் போட்டார். 17-ல் திரும்பியது. நோட்டீஸ் உங்களுக்கு வந்தது ஆகஸ்ட் 8. அப்படியானால் ஆகஸ்ட் 23 வரை உங்களுக்கு நேரம்.

இனி நோட்டீஸை எடுத்து, பென்சிலால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் குறி போடுங்கள். உண்மை என்றால் ஒரு குறி, தவறு என்றால் ஒரு குறி, எனக்கு நேரடியாகத் தெரியாது என்றால் ஒரு குறி. மூன்றாவது குறியை மக்கள் மறந்துவிடுகிறார்கள். “எங்கள் கட்சிக்காரர் இந்தப் பணத்தை நம்பி வேறிடத்தில் கடன் வாங்கி நஷ்டப்பட்டார்” என்று எழுதியிருப்பார்கள். அது உங்களுக்குத் தெரியாது. மறுக்கவும் வேண்டாம், ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். “இது என் நேரடி அறிவில் இல்லை, தங்கள் கட்சிக்காரர் நிரூபிக்க வேண்டும்” என்று எழுதினால் போதும்.

ஒப்புக்கொள்ள வேண்டியவை எவை என்றால், காகிதம் எப்படியும் காட்டிக்கொடுக்கும் விஷயங்கள். பில் வந்தது, சரக்கு இறங்கியது, செக் உங்கள் கணக்குடையது, கையொப்பம் உங்களுடையது. இவற்றில் ஒன்றை மறுத்தாலும் மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழும். “செக் தொலைந்துவிட்டது” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தொலைந்திருந்தால் பேங்குக்கு ஸ்டாப் பேமென்ட் கடிதம் எங்கே, போலீஸில் புகார் எங்கே என்று கேட்பார்கள்.

ஒப்புக்கொள்ளும்போது சொற்களைக் கவனியுங்கள். தமிழில் எழுதுவதில் ஒரு குறிப்பிட்ட சிக்கல் உண்டு. “செக்கில் உள்ள கையெழுத்து என்னுடையது” என்று எழுதினால், போட்ட கையொப்பமா, நிரப்பிய எழுத்துமா என்பது தெளிவில்லை. தேதியும் தொகையும்கூட நீங்களே எழுதியதாகப் படிக்கலாம். ஆகவே கையொப்பத்துக்குக் கையொப்பம் என்றும், நிரப்பிய பகுதிக்கு எழுத்து என்றும் பிரித்து எழுதுங்கள். அதேபோல “சரக்கைப் பெற்றுக்கொண்டேன்” என்பதற்கும் “சரக்கு என் யூனிட்டில் இறக்கப்பட்டது” என்பதற்கும் நடுவில் ஒரு வழக்கே இருக்கிறது. சரக்கு விற்பனைச் சட்டத்தில், சரக்கு வந்து சேர்வது வேறு, அதை ஏற்றுக்கொள்வது வேறு. இறங்கியதை ஒப்புக்கொள்ளுங்கள். பழுதான 250 கிலோவை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். “கடன்” என்ற சொல்லையும் தவிருங்கள். “கடன் தொகை” என்று நீங்களே எழுதினால், பில் வியாபாரம் கைமாற்றுக் கடனாகிவிட்டதோ என்ற குழப்பம் வரும். பில் தொகை, செலுத்திய தொகை, மீதி என்று எழுதுங்கள்.

அந்த வாட்ஸ்அப் செய்தியின் தேதி உங்களுக்கு மிக முக்கியம். துணி கொடுத்தவர் உத்யம் பதிவு வைத்த சிறுதொழில்காரராக இருந்தால், குறு, சிறு தொழில்களுக்கான 2006-ம் ஆண்டுச் சட்டம் அவர் பக்கம் நிற்கும். சரக்கு வந்த 15 நாளுக்குள் நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அந்தச் சட்டம் கருதும். தாமதமான தொகைக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டியும் கேட்கலாம். நம் கணக்கில் ஆறாம் நாளே ஆட்சேபம் போயிருக்கிறது. போனில் மட்டும் சொல்லியிருந்தால் நிலைமை வேறு. அப்போது திருப்பி அனுப்பிய சலான்தான் உங்கள் எழுத்து. செய்தி இருக்கும் போனைக் கையோடு வைத்திருங்கள், மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள். கோர்ட்டில் அதைக் காட்ட, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவில் சொன்ன சான்றிதழும் வேண்டியிருக்கும்.

சரி, இப்போது எல்லோரும் தடுமாறும் இடத்துக்கு வருவோம். அந்த 2,25,000 ரூபாய்.

அது உண்மையிலேயே நீங்கள் கொடுக்க வேண்டியது. அதைச் சொல்லாமல் பதில் எழுத முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. எழுத முடியும், ஆனால் பதில் ஓட்டையாகிவிடும். 6,30,000 தவறு என்று சொல்லிவிட்டு, சரியான தொகை எது என்று சொல்லாமல் விட்டால், கணக்கே இல்லாதவர் போலத் தெரிவீர்கள். சொன்னால் என்ன ஆகும்? காலவரையறைச் சட்டம் 1963-ன் 18-வது பிரிவுப்படி, வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் கெடு முடியும் முன்பு ஒரு பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பம் போட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். கொடுக்க மறுத்துக்கொண்டே எழுதினாலும், என் நஷ்டத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று சேர்த்து எழுதினாலும்கூட அது ஒப்புதல்தான் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. உங்கள் பாக்கி ஐந்து மாதம் முன்பு வந்தது. அவருக்கு இன்னும் இரண்டரை வருடம் இருக்கிறது, ஆகவே இதனால் உங்களுக்குப் பெரிய இழப்பு இல்லை. ஆனால் இரண்டேமுக்கால் வருடம் பழைய பாக்கிக்கு நோட்டீஸ் வந்தவர், இதே வரியை யோசிக்காமல் எழுதினால் முடியப்போகும் கெடுவைத் தானே நீட்டித்துக் கொடுத்தவராவார். அவர் வக்கீலோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் தொகையைப் பற்றி எழுத வேண்டும்.

என் யோசனை இதுதான். பணம் புரட்ட முடிந்தால் 2,25,000-ஐ ஆகஸ்ட் 23-க்குள் அவருடைய கணக்குக்கு என்.இ.எஃப்.டி-யில் அனுப்பிவிட்டு, பேங்க் தரும் யூடிஆர் எண்ணோடு பதில் எழுதுங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். அப்போது மீதித் தொகை பற்றிய வரி வெறும் ஒப்புதலாக நிற்காது, தீர்த்த கணக்காக நிற்கும். உடனே முடியாது என்றால், மீதி இவ்வளவு என்று கணக்கைச் சொல்லி நிறுத்துங்கள். “தொழில் நஷ்டத்தால் முடியவில்லை, கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், முழுவதும் கொடுத்துவிடுகிறேன்” என்று எழுதாதீர்கள். அதில் “முழுவதும்” என்ற ஒரு சொல் 6,30,000-ஐயும் ஒப்புக்கொண்டுவிடும். நோட்டீஸ் வந்த அன்றிரவே “அண்ணா, பத்து நாள் டைம் குடுங்க, மொத்தமா செட்டில் பண்ணிடறேன்” என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். கவனமாக எழுதிய பதிலை அந்த இருபது விநாடிக் குரல் சாய்த்துவிடும். பதில் போகும்வரை அவரோடு பேசினாலும் தொகை பேசாதீர்கள்.

“உரிமைகளுக்குப் பாதகமின்றி” என்று மேலே எழுதிவிட்டால் எதை எழுதினாலும் நமக்கு எதிராக வராது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சமரசப் பேச்சுக்கான பாதுகாப்பு. இந்தப் பதிலோ நாளைக்கு நீங்களே கோர்ட்டில் உங்கள் ஆவணமாகக் குறிக்க வேண்டியது. கோர்ட் படிக்க வேண்டும் என்று எழுதும் கடிதத்தில், கோர்ட் படிக்கக்கூடாது என்று தலைப்புப் போடுவது பொருந்தாது. சமரசம் பேச விரும்பினால் அதைத் தனிக் கடிதமாக, அந்தத் தலைப்போடு, வேறு நாளில் அனுப்புங்கள். இரண்டையும் ஒரே தாளில் கலக்காதீர்கள்.

அடுத்து, செக்யூரிட்டி செக் என்பது. இதை மட்டும் சொல்லி நின்றால் போதாது. வெற்றுச் செக்கில் கையொப்பம் போட்டுத் தாமாக ஒருவரிடம் கொடுத்தால், மற்றதை அவர் நிரப்பினார் என்பதால் மட்டும் அது செல்லாததாகாது என்று பீர் சிங் எதிர் முகேஷ் குமார் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடனுக்காகவே கொடுத்த செக் என்ற அனுமானம் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 139-வது பிரிவில் அவருக்குச் சாதகமாக இருக்கிறது. அதை உடைக்க வேண்டியது நீங்கள். உடைக்கும் இடம் தொகைதான். தசரத்பாய் படேல் எதிர் ஹிதேஷ் படேல் வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: செக் கொடுத்த பிறகு, அதைப் பேங்கில் போடும் முன்பு, ஒரு பகுதி பணம் கொடுக்கப்பட்டிருந்தால், வாங்கியவர் அந்தப் பகுதித் தொகையைச் செக்கின் மேல் குறிப்பெழுதி, மீதிக்கு மட்டுமே போட வேண்டும். அப்படிக் குறிக்காமல் முழுத் தொகைக்கும் போட்டால், அன்றைய தேதியில் சட்டப்படி வரவேண்டிய தொகையும் செக் தொகையும் ஒன்றல்ல, ஆகவே 138 பொருந்தாது. உங்கள் விஷயத்தின் முதுகெலும்பு இதுதான்.

அவர் இதற்கு என்ன சொல்வார்? “செக்கை ஜூலை 14-ல்தான் எழுதிக் கொடுத்தார், பணம் கொடுத்ததெல்லாம் வேறு பழைய கணக்குக்கு” என்பார். அப்போது உங்களுக்குக் கை கொடுப்பது செக் புத்தகம். அந்தச் செக்கின் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள இலைகள் எப்போது பாஸாகின என்று ஸ்டேட்மென்டில் பாருங்கள். முன் இலையும் பின் இலையும் பிப்ரவரி 2025-ல் பாஸாகியிருந்தால், நடுவில் இருக்கும் இலை மட்டும் ஜூலையில் பிறந்தது என்பதை நம்புவது கடினம். அடிக்கட்டையில் “செக்யூரிட்டி” என்று அப்போதே எழுதியிருந்தால் இன்னும் நல்லது. இப்போது புதிதாக எழுதி வைக்காதீர்கள். பழைய மைக்கும் புது மைக்கும் வித்தியாசம் தெரியும். அது தெரியாவிட்டாலும் செய்யக்கூடாதது.

வேறு பழைய கணக்கு என்ற பேச்சுக்கு உங்கள் லெட்ஜர்தான் விடை. அதனால்தான் பதில் எழுதும் முன் ஆடிட்டரிடம் ஒருமுறை உட்காரச் சொல்கிறேன். உங்கள் புத்தகம் உங்கள் வாய்க்கு முன்பே பேசியிருக்கும். 250 கிலோவைத் திருப்பி அனுப்பியதாகச் சொல்கிறீர்கள், ஆனால் முழு 30,000 ரூபாய்க்கும் உள்ளீட்டு வரி வரவு எடுத்திருக்கிறீர்கள் என்றால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். டெபிட் நோட் போட்டிருக்கிறீர்களா, லெட்ஜரில் ஏறியிருக்கிறதா, அவர் கிரெடிட் நோட் கொடுத்தாரா, மார்ச் 31 பாக்கி உறுதிக் கடிதம் என்று ஏதாவது வந்து உங்கள் கணக்கர் முழுத் தொகைக்கும் முத்திரை போட்டுக் கொடுத்தாரா? கடைசியாகச் சொன்னதைக் கட்டாயம் கேளுங்கள். முதலாளிக்குத் தெரியாமலே அலுவலகத்திலிருந்து போகும் காகிதம் அது. அப்படி ஒன்று போயிருந்தால், அதைப் பதிலில் மறைக்க முடியாது. எந்தச் சூழலில் போனது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். வரி வரவில் பிசகு இருந்தால் ஆடிட்டர் சொல்லும்படி இப்போதே சரிசெய்யுங்கள்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு எழுதினால் பதில் ஒன்றரைப் பக்கம் வரும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“பெறுநர்: நோட்டீஸ் அனுப்பிய வழக்கறிஞர்.
பொருள்: தங்கள் 4-8-2025 தேதியிட்ட நோட்டீஸுக்குப் பதில்.

தங்கள் கட்சிக்காரர் சார்பில் தாங்கள் அனுப்பிய மேற்படி நோட்டீஸ் 8-8-2025 அன்று எனக்குக் கிடைத்தது. கீழே நான் குறிப்பாக ஒப்புக்கொண்டவை தவிர நோட்டீஸில் உள்ள மற்றவற்றை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

தங்கள் கட்சிக்காரர் 3-3-2025 தேதியிட்ட ரூ.6,30,000-க்கான பில்லின்படி 1,500 கிலோ துணி அனுப்பியதும், அது அன்று என் யூனிட்டில் இறக்கப்பட்டதும் உண்மை. அதில் 250 கிலோ ஷேடு மாறியும் ஓட்டையோடும் இருந்ததால் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. இதை 9-3-2025 அன்று படங்களுடன் வாட்ஸ்அப்பில் அவருக்குத் தெரிவித்தேன். அந்த 250 கிலோ 15-3-2025 அன்று டெலிவரி சலான் மூலம் திருப்பி அனுப்பப்பட்டு, அவர் தரப்பில் கையொப்பமிட்டுப் பெறப்பட்டது. அதன் மதிப்பு வரியுடன் ரூ.1,05,000.

மேற்படி பில் கணக்கில் 12-4-2025 அன்று ரூ.2,00,000, 20-5-2025 அன்று ரூ.1,00,000 அவருடைய வங்கிக் கணக்குக்கு அனுப்பியுள்ளேன். யூடிஆர் எண்கள் இணைப்பில் உள்ளன. இந்த இரண்டு தொகைகளும் தங்கள் நோட்டீஸில் சொல்லப்படவில்லை.

நோட்டீஸில் கண்ட செக் என் வங்கிக் கணக்கைச் சேர்ந்தது, அதிலுள்ள கையொப்பம் என்னுடையது. அது பிப்ரவரி 2025-ல், தொடர்ந்து சரக்கு அனுப்புவதற்கான பாதுகாப்பாகத் தேதியும் தொகையும் எழுதப்படாமல் கொடுக்கப்பட்டது. அதிலுள்ள தேதி, பெயர், தொகை ஆகிய எழுத்துகள் என்னுடையவை அல்ல. 14-7-2025 அன்று ரூ.6,30,000 நான் கொடுக்க வேண்டியிருந்தது என்பதை மறுக்கிறேன். அந்த நாளில் மேற்படி பில் கணக்கில் மீதி ரூ.2,25,000 மட்டுமே. பெற்ற தொகைகளைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் சமர்ப்பிக்கப்பட்டுள்ளது.

மேற்படி மீதி ரூ.2,25,000-ஐ 18-8-2025 அன்று அவருடைய வங்கிக் கணக்குக்கு அனுப்பியுள்ளேன். இத்துடன் மேற்படி பில் கணக்கு தீர்ந்தது.

தங்கள் நோட்டீஸில் கேட்டுள்ள ஆண்டுக்கு 24 சதவீத வட்டியைத் தர நான் ஒப்புக்கொண்டதில்லை. தங்கள் கட்சிக்காரருக்கு ஏற்பட்டதாகச் சொல்லும் நஷ்டம் என் நேரடி அறிவில் இல்லை.

மேற்படி செக்கைத் திருப்பித் தரும்படியும், 138-வது பிரிவில் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றும் தங்கள் கட்சிக்காரருக்குத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். நடவடிக்கை எடுக்கப்பட்டால் மேலும் ஆவணங்களை முன்வைக்க எனக்குள்ள உரிமையை வைத்துக்கொள்கிறேன்.”

இதில் என்ன இல்லை என்று பாருங்கள். அவரை மோசடிக்காரர் என்று சொல்லவில்லை. நிரூபிக்க முடியாத அந்தச் சொல்லுக்கு நீங்கள் தனியாகப் பதில் சொல்ல வேண்டி வரும். செக் புத்தகத்தின் பக்கத்து இலைகளைப் பற்றியும் இதில் இல்லை. பிப்ரவரியில் கொடுத்தேன் என்ற உண்மையைச் சொல்லிவிட்டோம், அதற்கான சான்றை விசாரணையில் காட்டிக்கொள்ளலாம். உண்மைகளை இப்போதே சொல்ல வேண்டும், சான்றுகள் எல்லாவற்றையும் இப்போதே விரிக்க வேண்டியதில்லை. கணக்கில் பணம் ஏன் இல்லை என்றும் எழுதவில்லை. யாரும் அதைக் கேட்கவில்லை.

பணம் அனுப்ப முடியாதவர் அந்த ஐந்தாவது பத்தியை அப்படியே எடுத்துவிட வேண்டும். “விரைவில் அனுப்புகிறேன்” என்று மாற்றி எழுதக்கூடாது. அவருக்கு 2,25,000-க்கு சிவில் வழக்கு வரலாம், அது நியாயமும்கூட. ஆனால் 6,30,000-க்கான செக் வழக்கை எதிர்க்கும் அவருடைய வாதம் அப்படியே இருக்கும்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். துணி நன்றாகத்தான் இருந்தது, பழுது என்பது பணம் இழுக்கச் சொன்னது என்றால் இந்த மாதிரிப் பதிலை எழுதாதீர்கள். 15 நாளுக்குள் செக் தொகையைக் கொடுத்துவிட்டால் வழக்கே எழாது. கொடுக்காமல் தண்டனை வந்தால் இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையைப்போல் இரண்டு மடங்கு வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. குற்றத்தை மறுத்து வழக்கு நடத்தும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

யூனிட் உங்கள் தனிப் பெயரில் இருந்தால் உரிமையாளர் என்று நீங்களே கையொப்பமிடுங்கள். பார்ட்னர்ஷிப் என்றால் யார் பெயருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறதோ அவர்கள் ஒவ்வொருவரும் வக்கீலிடம் பேச வேண்டும். வியாபாரத்தைக் கவனிக்காத பார்ட்னரின் பதில் உங்கள் பதில் மாதிரி இருக்காது.

பதிலை நோட்டீஸ் அனுப்பிய வக்கீலின் முகவரிக்கு, பெற்றதற்கான ஒப்புதலோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். சலான், ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் படங்கள் எல்லாம் நகல்தான் போக வேண்டும், அசல் உங்களிடமே இருக்கட்டும். புகாரில் “நோட்டீஸ் பெற்றும் எதிரி பதில் அனுப்பவில்லை” என்று எழுதி, உங்கள் பதிலைச் சேர்க்காமல் தாக்கல் செய்வது நடக்கிறது. அப்போது காட்ட, தபால் ரசீதையும், டெலிவரி ஆன நாளைக் காட்டும் டிராக்கிங் பக்கத்தின் பிரிண்டையும், கையொப்பமிட்ட பதிலின் நகலையும் ஒரே உறையில் போட்டு, அந்த நோட்டீஸ் வந்த உறையோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். டிராக்கிங் விவரம் சில மாதத்தில் இணையத்தில் கிடைக்காமல் போகும், ஆகவே டெலிவரி ஆன அன்றே பிரிண்ட் எடுத்துவிடுங்கள்.